அத்தைக்கு எழுதிய தேங்க் யூ கடிதம் தமிழுக்கு வரும்போது

கொடைக்கானலில் பத்திரமும் சான்றிதழும் மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. டிசம்பர், ஜனவரி வந்தால் கூடவே ஒரு சின்ன வேலையும் வரும். கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ மலைக்குக் கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் ஏதாவது அனுப்பியிருப்பார்கள். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கும். "அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்ல போட்டுக் கொடுங்க" என்று அம்மா கொண்டுவந்து நீட்டுவார். ஏழெட்டு வரிதான். வீட்டிலேயே போட்டுப் பார்த்த பிரதியும் சில சமயம் கூட வரும். அதைப் படித்தால் மின்வாரியத்துக்கு எழுதிய மனு மாதிரி இருக்கும்.

போன குளிர்காலத்தில் வந்த ஒரு கடிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். வத்தலக்குண்டில் இருக்கும் உறவுக்காரர் கையால் பின்னிய நீல ஸ்வெட்டர். பள்ளிச் சிறுமி எழுதியது இவ்வளவுதான்: அழகான ஸ்வெட்டருக்கு நன்றி, நீலம் எனக்கு மிகப் பிடித்த நிறம், கை கொஞ்சம் நீளம், வளர்ந்ததும் சரியாகிவிடும், இங்கே பயங்கரக் குளிர், பின்ன நிறைய நேரம் ஆகியிருக்கும், மே மாதம் உங்களைப் பார்க்கக் காத்திருக்க முடியவில்லை, லவ்.

நான் முதலில் கேட்பது, இந்த 'ஆன்ட்டி' யார் என்றுதான். அப்பாவின் அக்கா தங்கையா, அம்மாவின் தங்கையா, மாமாவின் மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா? அத்தை, சித்தி, பெரியம்மா என்று விளிப்பு மட்டும் மாறுவதில்லை, கடிதத்தின் கடைசி வரியும் மாறும். சித்திக்கு எழுதினால் இந்தப் பெண் 'உங்கள் மகள்'. அப்பாவின் தங்கைக்கு என்றால் 'உங்கள் மருமகள்'. "எனக்குக் கல்யாணமே ஆகலையே" என்று அந்தப் பிள்ளை சிரித்தது. இருந்தாலும் அத்தைக்கு அந்த ஒரு சொல்லிலேயே உரிமை வந்துவிடும். அடுத்து, போனில் பேசும்போது நீ என்பாளா, நீங்க என்பாளா என்று கேட்டேன். சில வீடுகளில் அத்தையை நீ என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே போய் 'தாங்கள்' போட்டால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த நன்றி. நம் வீடுகளில் அத்தை கொடுத்ததை வாங்கிக்கொண்டு "நன்றி அத்தை" என்று சொல்லும் வழக்கம் குறைவு. கொடுத்ததைப் போட்டுக் காட்டுவோம், அவர் பட்ட சிரமத்தைச் சொல்வோம், வீட்டில் எல்லாரையும் விசாரிப்போம். அன்பு அதில்தான் போய்ச் சேரும். எனவே நன்றி என்ற சொல்லை எடுத்துவிட்டு, அதன் எடையை மற்ற வரிகளில் ஏற்றினேன்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'கை நீளம்' என்று அப்படியே எழுதினால் அத்தை அளவு தப்பிவிட்டதே என்று வருத்தப்படுவார். வளர்கிற பிள்ளைக்கு ஒரு பிடி கூட வைத்துத் தைப்பது நமக்குப் பழக்கம்தானே, அதன் வழியில் சொன்னால் குறையே பாராட்டாகிவிடும். 'காத்திருக்க முடியவில்லை' என்பதோ தமிழில் கோபித்துக்கொண்டு கிளம்புவது போல ஒலிக்கும்.

வந்து நின்றது இது:

அன்புள்ள அத்தைக்கு,
நான் நல்லா இருக்கேன். நீங்க, மாமா, பாட்டி எல்லாரும் சௌக்கியமா? நீங்க பின்னி அனுப்பின ஸ்வெட்டர் வந்துச்சு. பிரிச்ச உடனே போட்டுக்கிட்டேன். எனக்கு நீலம்தான் ரொம்பப் பிடிக்கும், ஞாபகம் வெச்சிருந்தீங்களா? கையை மட்டும் ஒரு மடிப்பு மடிச்சுப் போட்டுக்கிறேன், அடுத்த வருஷத்துக்கும் ஆகும். இங்கே காலையில புல்லெல்லாம் உறைபனி. டியூஷனுக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் போறேன். எத்தனை ராத்திரி கண்ணு முழிச்சுப் பின்னினீங்களோ! மே லீவு எப்ப வரும்னு இருக்கு. வந்ததும் முதல்ல உங்க வீட்டுக்குத்தான்.
உங்கள் அன்பு மருமகள்

விசாரிப்பு, டியூஷன், உறைபனி, பிரித்த உடனே போட்டுக்கொண்டது, முதலில் அத்தை வீடு என்பதெல்லாம் ஆங்கிலத்தில் இல்லை. நானாகவும் சேர்க்கவில்லை, அந்தப் பிள்ளையிடம் கேட்டு வாங்கியவை. "கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது" என்று ஒரு வரி போடச் சொன்னார் அம்மா. பிள்ளை இல்லை என்றது, விட்டுவிட்டேன். மே மாதம் நேரில் பார்க்கும்போது அத்தை அதைக் கேட்டால் அது திருதிருவென்று முழிக்கும். 'ஈடு இணையற்ற பரிசு' போன்ற மேடைத் தமிழும் பள்ளிச் சிறுமியின் வாயில் ஒட்டாது. எழுதி முடித்ததும் அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். எங்கே தடுக்கிறதோ அந்த வரி அவளுடையது இல்லை. தமிழ் எழுத்து தடுமாறினாலும் கடைசிக் கையெழுத்தையாவது அவளே போட வேண்டும்.

உறவே இல்லாத, அப்பாவின் அலுவலகத் தோழி ஒருவர் அனுப்பிய பரிசு என்றால் இதெல்லாம் வேண்டாம். அவருக்கு 'ரொம்ப நன்றி ஆன்ட்டி' என்றே எழுதலாம். அங்கே போய் ராத்திரி கண் விழித்ததையும் கை மடிப்பையும் பேசினால்தான் விசித்திரமாக இருக்கும்.