ஹோஸ்டில் திறக்கும் பக்கம் கெஸ்டில் ஏன் தொங்குகிறது?

ஒரு லினக்ஸ் ஹோஸ்டில் மெய்நிகர் கணினி ஒன்று ஓடுகிறது. அதைக் கெஸ்ட் என்போம். ஹோஸ்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்கு வயர்கார்டு விபிஎன் போகிறது. கெஸ்டிலிருந்து அலுவலக சர்வருக்குப் பிங் அடித்தால் பதில் உடனே வருகிறது. ஆனால் `curl -v` கொடுத்தால் இணைப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லி, `Client hello` வரியோடு நின்றுவிடுகிறது. அதே கட்டளையை ஹோஸ்டில் கொடுத்தால் பக்கம் உடனே வந்துவிடுகிறது. பலரும் கெஸ்டின் டிஎன்எஸ், சான்றிதழ் என்று தேடிக் களைத்துப் போவது இங்கேதான்.

காரணம் பாக்கெட்டின் அளவு. ஒரு இடைமுகம் ஒரே பாக்கெட்டில் எத்தனை பைட் வரை அனுப்பலாம் என்ற வரம்புதான் எம்டியு. சாதாரண ஈதர்நெட்டில் அது 1500. வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டையும் குறியாக்கம் செய்து, தன் தலைப்புகளைச் சேர்த்து, வேறொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. வெளிப்பாதை ஐபிவி4 என்றால் இதற்கு 60 பைட் செலவு, ஐபிவி6 என்றால் 80. அதனால்தான் `wg0` இடைமுகத்தில் வழக்கமாக 1420 என்ற எண்ணைப் பார்க்கிறோம்.

டிசிபி இணைப்பு தொடங்கும்போது இரு தரப்பும் “எனக்கு இவ்வளவு பெரிய துண்டு வரை அனுப்பலாம்” என்று சொல்லிக்கொள்கின்றன. இந்த எண்ணுக்கு எம்எஸ்எஸ் என்று பெயர். ஐபிவி4-இல் எம்டியுவில் 40 கழித்தால் அது கிடைக்கும். ஹோஸ்ட் நேராக `wg0` வழியே பேசுவதால் 1380 என்று சொல்கிறது. கெஸ்டுக்கோ டனல் இருப்பதே தெரியாது. தன் `eth0`-வில் 1500 இருப்பதைப் பார்த்து 1460 என்கிறது. சர்வர் அதை அப்படியே நம்புகிறது.

தொடக்கக் கைகுலுக்கல் பாக்கெட்டுகள் சிறியவை, எதிலும் நுழைந்துவிடும். சர்வர் தன் சான்றிதழை அனுப்பும்போதுதான் முதன்முதலாக 1500 பைட் பாக்கெட் கிளம்புகிறது. அலுவலகப் பக்கத்து விபிஎன் கேட்வேயில் அது 1420-க்குள் அடங்காது. உடைக்கக் கூடாது என்ற குறி அதில் இருப்பதால் உடைக்கவும் முடியாது. கேட்வே அதைக் கைவிட்டு, “1420-க்குள் அனுப்பு” என்று சர்வருக்கு ஓர் ஐசிஎம்பி செய்தி அனுப்பும். 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 விவரிக்கும் ஏற்பாடு இது. சர்வர் முன்னால் இருக்கும் ஃபயர்வால் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. சர்வர் அதே பெரிய பாக்கெட்டையே, இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே, திரும்பத் திரும்ப அனுப்பும்.

இதை உறுதிசெய்ய, கெஸ்டிலிருந்து உடைக்காதே என்ற குறியோடு பெரிய பிங் அனுப்ப வேண்டும்:

```
ping -M do -s 1472 10.20.0.5
ping -M do -s 1392 10.20.0.5
```

தலைப்புகளுக்கான 28 பைட்டைச் சேர்த்தால் இவை 1500, 1420 ஆகும். முதலாவதற்கு `Frag needed` என்று பதில் வந்தால் அந்தத் திசையில் எச்சரிக்கை சரியாக வருகிறது. பதிலே வராமல், இரண்டாவது மட்டும் போனால் எச்சரிக்கை வழியில் தொலைகிறது. இந்தச் சோதனை நாம் அனுப்பும் திசைக்கு மட்டும்தான் நம்பகமானது. நம் உதாரணத்தில் சிக்கல் எதிர்த் திசையில் இருப்பதால் சர்வர் பக்கமிருந்தும் செய்து பார்க்க வேண்டும்.

ஜம்போ ஃபிரேமில், அதாவது 1500-ஐ விடப் பெரிய எம்டியு வைக்கும்போது, நிலைமை இன்னும் மோசம். சேமிப்பக நெட்வொர்க்கில் இரண்டு கெஸ்டுகளுக்கும் 9000 வைத்திருக்கிறோம். ஒரே ஹோஸ்டில் இருக்கும்வரை எல்லாம் ஓடுகிறது. ஒன்றை வேறு ஹோஸ்டுக்கு மாற்றியதும் என்எஃப்எஸ் மவுண்ட் ஆகிறது, பெரிய கோப்பை நகலெடுத்தால் உறைகிறது. இடையில் உள்ள ஸ்விட்ச் இன்னும் 1500-இல் இருக்கிறது. ஸ்விட்ச் ரூட்டர் அல்ல, ஐசிஎம்பி அனுப்பாது. பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். ஒரு கெஸ்டில் மட்டும் 9000 இருந்தால் சிறிய எம்எஸ்எஸ் டிசிபியைக் காப்பாற்றிவிடும். இரு முனையும் 9000, நடுவில் 1500 என்ற அமைப்புதான் ஆபத்து. இங்கே `-s 8972` வைத்துச் சோதிக்கலாம்.

சரி, எங்கே திருத்துவது? ஜம்போவில் வழியிலுள்ள ஒவ்வொரு போர்ட்டும், பிரிட்ஜும் 9000-ஐ ஏற்க வேண்டும். இல்லையென்றால் கெஸ்டுகளை 1500-க்கே இறக்கிவிட வேண்டும். டனலுக்கு, கெஸ்டின் எம்டியுவை 1420 ஆக்குவதே நான் விரும்பும் வழி. கெஸ்டைத் தொட முடியாத இடத்தில் ஹோஸ்டில் இதைச் சேர்க்கலாம்:

```
iptables -t mangle -A FORWARD -p tcp \
  --tcp-flags SYN,RST SYN \
  -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

கெஸ்ட் சொல்லும் 1460-ஐ ஹோஸ்ட் வழியிலேயே 1380 ஆக மாற்றிவிடும். இது புதிதாகத் தொடங்கும் டிசிபி இணைப்புகளுக்கு மட்டுமே பலிக்கும். யுடிபியில் எம்எஸ்எஸ் என்று ஒன்று கிடையாது. அதனால் கெஸ்டுக்குள்ளேயே இன்னொரு விபிஎன் ஓடினால், அதன் எம்டியுவைத் தனியாகக் குறைத்தாக வேண்டும்.