புகைபோக்கியும் பொய்ச் சூடும்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கூரையில் 330 வாட் சோலார் தகடுகள் 180. பதினெட்டுப் பதினெட்டாகத் தொடராக இணைத்த பத்து வரிசைகள், ஸ்ட்ரிங் என்போம். ஐப்பசி இடிமழைக்குப் பிறகு உற்பத்தி சற்றுக் குறைந்தது போல மேலாளருக்கு ஒரு சந்தேகம். இன்வெர்ட்டரோ எந்தக் கோளாறும் காட்டவில்லை. அரை மணிக்கு ஒருமுறை மஞ்சு ஏறி இறங்கும் ஊரில் நூற்றுக்குப் பத்து குறைந்தால் யாருக்குத் தெரியும்? தை மாதத்தில் வானம் வெளுத்த ஒரு காலையில் வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனுடன் போனோம்.

நல்ல தகடு தன்மேல் விழும் வெயிலில் ஆறில் ஒரு பங்கை மின்சாரமாக வெளியே அனுப்பிவிடுகிறது. அந்த வழி அடைபட்டால் அந்தப் பங்கும் உள்ளேயே வெப்பமாகத் தங்கும். தகடு பக்கத்துத் தகடுகளைவிடச் சில டிகிரி சூடாகும். கேமரா பிடிப்பது இந்தச் சில டிகிரி வித்தியாசத்தைத்தான். அதனால் வெயில் போதவில்லையென்றால் கோளாறும் தெரியாது. சதுர மீட்டருக்கு 600 வாட்டாவது விழ வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. மேகம் கடந்து போனால் தகடு மறுபடி நிலைச்சூட்டுக்கு வரப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மலையில் பொறுமையைச் சோதிப்பது இந்த இடம்தான்.

ட்ரோனை முப்பது மீட்டருக்கு மேலே ஏற்றவில்லை. எங்கள் கேமராவில் அந்த உயரத்தில் படத்தின் ஒரு புள்ளி கூரையில் மூன்று சென்டிமீட்டருக்குச் சமம். தகட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும் பதினைந்து சென்டிமீட்டர் செல்லின் குறுக்கே ஐந்து புள்ளி விழும். இன்னும் மேலே போனால் ஒரு செல்லின் சூடு அக்கம்பக்கத்துச் சூட்டோடு கரைந்துவிடும். (குன்னூர் பக்கமானால் வெலிங்டன் ராணுவப் பகுதி அருகில் இருக்கிறது. அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் பறக்கவிடாதீர்கள்.)

திரையில் முதலில் கண்ணில் பட்டது, ஏழெட்டுத் தகடுகளின் குறுக்கே ஓடிய பளிச்சென்ற சூட்டுக் கோடு. உடன் வந்த பையன் "அண்ணா, ஒரு வரிசையே போய்விட்டது" என்றான். ட்ரோனை நான்கு மீட்டர் நகர்த்தச் சொன்னேன். கோடும் கூடவே நகர்ந்தது. தேயிலை உலர்த்தும் அடுப்பின் புகைபோக்கி அது. தகட்டின் கண்ணாடியில் அதன் பிம்பம். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், ஆனால் இந்தக் கேமரா பார்க்கும் நீண்ட அகச்சிவப்புக் கதிரை விடாது. ஆகவே நாம் படமெடுப்பது செல்லை அல்ல, அதன் சூட்டை வாங்கிய கண்ணாடிப் பரப்பைத்தான். அந்தப் பரப்பு கொஞ்சம் முகம் பார்க்கும் கண்ணாடி வேலையும் செய்யும்; சாய்வாகப் பார்க்கப் பார்க்கப் பிரதிபலிப்பு கூடும். மேகத் துண்டுகூட இப்படி ஏமாற்றும். உண்மையான சூடு செல்லை விட்டு நகராது.

நகராதவை நான்கு. ஒரு தகட்டில் ஒரே ஒரு செல் மட்டும் கொதித்தது. மேலே ஏறிப் பார்த்தால் ஈரத்தில் ஒட்டிக் காய்ந்த சில்வர் ஓக் இலை. நிழல் விழுந்த செல்லின் வழியாக மற்ற செல்கள் மின்னோட்டத்தைத் தள்ளும்போது, அது மின்சாரம் தருவதை விட்டுவிட்டு அதைத் தின்னத் தொடங்கும். இலையைச் சுரண்டி எடுத்ததும் சூடு அடங்கியது. அடங்காமல் இருந்திருந்தால் செல்லில் விரிசல் என்று எழுதியிருப்போம்.

மற்ற மூன்றும் ஒரே ஸ்ட்ரிங்கில், ஒரே மாதிரி: தகட்டின் மூன்றில் ஒரு பங்கு நீளவாக்கில் சூடு. மற்ற பகுதி 38 டிகிரி, அந்தப் பட்டை 42. 72 செல் தகட்டுக்குள் 24 செல்லாக மூன்று பிரிவுகள். பிரிவுக்கு ஒரு பைபாஸ் டயோடு. பிரிவில் தடை வந்தால் மின்னோட்டத்தைச் சுற்றி அனுப்புவது அதன் வேலை. இடியின் மின்னழுத்த அலையில் டயோடு உருகி ஒட்டிக்கொண்டால், அது நிரந்தரக் குறுக்குச்சுற்று. அந்த 24 செல்லின் மின்சாரம் முழுவதும் வெப்பம்தான். மூன்று தகட்டிலும் மூன்றில் ஒரு பங்கு போனால், கூரையில் ஒரு முழுத் தகடு இல்லாததற்குச் சமம்.

ஆனால் டயோடு நன்றாக இருந்து, உள்ளே இணைப்புப் பட்டை அறுந்திருந்தாலும் படம் ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும். டிசி சுவிட்சை அணைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றி அளந்தோம்: சுமார் 46 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 31. இரண்டு கோளாறுக்கும் இதே விடைதான். அதனால் பொழுது சாயும் வரை காத்திருந்து, பின்பக்க இணைப்புப் பெட்டியைத் திறந்து, டயோடில் மல்டிமீட்டரை வைத்தோம். ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விட வேண்டிய டயோடு, நேராக வைத்தாலும் பீப், முனைகளை மாற்றி வைத்தாலும் பீப். மூன்றிலும் டயோடுதான். இந்தப் பெட்டிகள் சிலிகான் ஊற்றி அடைக்கப்படாதவை. டயோடுகளை மாற்றினால் போதும் என்றாகிவிட்டது.