ஒல்லியான இளைஞருக்குச் சர்க்கரை: சி-பெப்டைட் நார்மல் என்றால் டைப் 2-ஆ?

வயது 24, பிஎம்ஐ 19, ஒரு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ரேண்டம் சர்க்கரை 310, கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைட் மில்லிலிட்டருக்கு 1.1 நானோகிராம். லேபின் நார்மல் எல்லை 0.9-இல் தொடங்குவதால் ரிப்போர்ட்டில் எந்தக் குறியும் இல்லை. கணையம் வேலை செய்கிறது, அதனால் இன்சுலின் சுரப்பே அழியும் டைப் 1 அல்ல, டைப் 2தான் என்று மாத்திரை எழுதப்படுவது இந்த இடத்தில்தான்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் முதலில் புரோஇன்சுலின் என்ற ஒரே சங்கிலியைச் செய்கிறது. அதை வெட்டினால் ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைட் கிடைக்கும். இன்சுலினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும், சி-பெப்டைடை விட்டுவிடும். ஊசி இன்சுலினில் சி-பெப்டைட் கிடையாது. அதனால் ஊசி போடுபவரிடமும் சொந்தச் சுரப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

லேபின் நார்மல் எல்லை, சர்க்கரை 90 அளவில் இருக்கும் ஆரோக்கியமானவரின் வெறும் வயிற்று ரத்தத்துக்கானது. சர்க்கரை 310 இருக்கும்போது நல்ல கணையம் அதைப் போலப் பல மடங்கு சுரந்திருக்கும், அங்கே 1.1 என்பது குறைவு. ஆகவே அதே ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்காத சி-பெப்டைட் ரிப்போர்ட்டால் பெரிதாகப் பயனில்லை. சாப்பிட்டு ஐந்து மணி நேரத்துக்குள், சர்க்கரை 144-க்கு மேல் இருக்கும்போது எடுப்பது நல்லது. சி-பெப்டைட் 0.6-க்குக் கீழே என்றால் கடுமையான இன்சுலின் பற்றாக்குறை, 1.8-க்கு மேல் என்றால் டைப் 2 பக்கம். சிறுநீரகம் பழுதானவரிடம் மட்டும் இது பொய்யாக ஏறித் தெரியும்.

நம் ஆள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். புதிதாகக் கண்டுபிடிக்கும்போது இந்த நடுப்பகுதியில் இரு வகையினரும் கலந்திருப்பார்கள். டைப் 1 தொடக்கத்தில் பீட்டா செல்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். டைப் 2-இலோ, வாரக்கணக்கில் ஏறிய சர்க்கரை பீட்டா செல்களைத் தற்காலிகமாக முடக்கியிருக்கும்.

டைப் 1-இல் உடலே தன் பீட்டா செல்களைத் தாக்குகிறது; அதைக் காட்டும் ஆன்டிபாடிதான் இங்கே வழி சொல்லும். முதலில் ஜிஏடி, அது நெகட்டிவ் என்றால் ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8. இன்சுலின் ஆன்டிபாடியை, ஊசி தொடங்கி ஓரிரு வாரம் ஆனபின் பார்ப்பது வீண்; ஊசி மருந்துக்கு எதிராகவே உடல் அதை உண்டாக்கிவிடும். ரிசல்ட் வரச் சில நாளாகும். சிறுநீரில் கீட்டோன் இருந்தால் அதுவரை காத்திராமல் இன்சுலின் போட வேண்டும்.

இவருக்கு ஜிஏடி, எல்லையைப் போல இருபது மடங்கு வந்தால் டைப் 1 உறுதி. மாத்திரை சில மாதம் கேட்கும். மிச்சமிருக்கும் செல்கள் தீர்ந்ததும் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும் கீட்டோஅசிடோசிஸில் கொண்டுபோய் விடும். எல்லையை மயிரிழையில் தாண்டிய ஜிஏடி வேறு கதை. சர்க்கரை நோயே இல்லாத சிலரிடமும் அது உண்டு. இரண்டாவது ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால்தான் நம்பலாம்.

மூன்றும் நெகட்டிவ் என்பதாலேயே டைப் 1 இல்லை என்று ஆகாது. பெரியவர்களாக இருக்கும்போது டைப் 1 வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஆன்டிபாடி கிடைப்பதில்லை. வயிற்று வலியோ எண்ணெய்ப் பசையான மலமோ இருந்தால் சர்க்கரைக்குக் காரணமான கணையக் கல் இருக்கிறதா என்று வயிற்று ஸ்கேனில் தேட வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது புதிதல்ல. ஒன்றும் பிடிபடவில்லை என்றால் இன்சுலினை நிறுத்தாமல் சி-பெப்டைடைப் பிறகு திரும்பப் பார்க்கலாம். மூன்று ஆண்டு கழித்தும் இன்சுலினில் இருப்பவருக்கு 0.6-க்குக் கீழே வந்தால் டைப் 1, 1.8-க்கு மேல் நின்றால் ஊசியைக் குறைத்துப் பார்ப்பது பற்றி டாக்டர் யோசிக்கலாம்.