கப்பி கோடுகள்: கற்றையின் அகலம் உண்மையில் எதை அளக்கிறது?

பங்கு விலைப் படத்தின் மேல் ஒன்றிரண்டு நகரும் சராசரிக் கோடுகளைப் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆஸ்திரேலிய வர்த்தகர் டேரில் கப்பி பன்னிரண்டு கோடுகளைப் போட்டார். 3, 5, 8, 10, 12, 15 நாள் சராசரிகள் ஒரு கற்றை. 30, 35, 40, 45, 50, 60 நாள் சராசரிகள் இன்னொரு கற்றை. பன்னிரண்டும் எக்ஸ்பொனென்ஷியல் வகை, அதாவது இஎம்ஏ. குறுங்கற்றை அன்றாட வர்த்தகர்களின் மனநிலையைக் காட்டுகிறது, நெடுங்கற்றை நீண்ட கால முதலீட்டாளர்களின் மனநிலையைக் காட்டுகிறது என்பது அவருடைய விளக்கம். நெடுங்கற்றை விரிந்து நின்றால் முதலீட்டாளர்கள் உறுதியாக இருக்கிறார்கள், போக்கு ஆரோக்கியமாக இருக்கிறது. சுருங்கினால் பிடிப்பு தளர்கிறது.

படிக்க நன்றாக இருக்கும் விளக்கம்தான். ஆனால் பன்னிரண்டு கோடுகளும் ஒரே முடிவு விலையிலிருந்து பிறந்தவை. வாங்கியவர் தினசரி வர்த்தகரா, பரஸ்பர நிதியா என்ற செய்தி அந்த விலைக்குள் இல்லை. அப்படியானால் அகலம் எதைத்தான் அளக்கிறது? இதற்குக் கணக்கில் துல்லியமான பதில் உண்டு. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டால் கப்பி படத்தை நம்ப வேண்டிய இடமும் நம்பக் கூடாத இடமும் தாமாகப் பிரிந்துவிடும்.

இஎம்ஏ வேலை செய்யும் விதம் எளிது. இன்றைய விலைக்கும் நேற்றைய சராசரிக்கும் உள்ள தூரத்தில் ஒரு பங்கை மட்டும் அது இன்று கடக்கும். N நாள் சராசரிக்கு அந்தப் பங்கு 2/(N+1). 3 நாள் கோடு தினமும் பாதித் தூரத்தைக் கடந்துவிடும். 15 நாள் கோடு எட்டில் ஒரு பங்கு. 60 நாள் கோட்டுக்கு 2/61, ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்.

இப்போது விலை தினமும் ஒரு ரூபாய் ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடு முதலில் பின்தங்கும். பின்தங்கப் பின்தங்கத் தூரம் கூடும். தூரம் கூடக் கூட அது ஒரு நாளில் கடக்கும் அளவும் கூடும். ஒரு கட்டத்தில் கோடும் தினமும் சரியாக ஒரு ரூபாய் ஏறத் தொடங்கும். அதன்பின் இடைவெளி மாறாது. அந்த நிலையான பின்தங்கல், தினசரி ஏற்றத்தை (N−1)/2 ஆல் பெருக்கியது. 3 நாள் கோடு 1 ரூபாய் பின்னால் நிற்கும். 15 நாள் கோடு 7 ரூபாய். 30 நாள் கோடு 14.50, 60 நாள் கோடு 29.50.

கழித்துப் பாருங்கள். குறுங்கற்றையின் அகலம் 7−1 = 6. நெடுங்கற்றையின் அகலம் 29.50−14.50 = 15. ஏற்றம் தினம் இரண்டு ரூபாய் என்றால் இவை 12, 30 ஆகும். ஆக, அகலம் என்பது வேகம். நெடுங்கற்றையின் அகலத்தை 15 ஆல் வகுத்தால் விலை நாளொன்றுக்கு எத்தனை ரூபாய் ஏறுகிறது என்பது கிடைக்கும். குறுங்கற்றையை 6 ஆல் வகுத்தாலும் அதே வேகம் கிடைக்க வேண்டும். அகலம் மாறாமல் இருந்தால் போக்கு சீராக இருக்கிறது. விரிந்துகொண்டே போனால் போக்கு முடுக்கம் பெறுகிறது. "கற்றை விரிந்திருக்கிறது" என்பதும் "கற்றை விரிந்துகொண்டிருக்கிறது" என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டையும் குழப்பிக்கொள்வதை நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்த இரண்டு வேகமானிகளும் வெவ்வேறு தாமதத்தோடு ஓடுகின்றன. அதை ஒரு கற்பனைப் பங்கை வைத்துக் கடைசிவரை கணக்கிட்டுப் பார்ப்போம். நெடுநாளாக 100 ரூபாயில் அசையாமல் கிடந்த பங்கு அது. திடீரென்று தினம் ஒரு ரூபாய் வீதம் 60 வர்த்தக நாட்கள் ஏறி 160-ஐத் தொடுகிறது.

ஏறத் தொடங்கிய 10-ஆம் நாளில் குறுங்கற்றையின் அகலம் 4.2. ஆறால் வகுத்தால் 0.7, உண்மையான வேகத்தை நெருங்கிவிட்டது. நெடுங்கற்றையோ 1.3 தான், பதினைந்தால் வகுத்தால் 0.09. விலை பத்து ரூபாய் ஏறிய பிறகும் அது ஏதும் நடக்காதது போலக் காட்டுகிறது. 20-ஆம் நாளில் அது 3.7. 60-ஆம் நாளில்தான் 11.3-க்கு வருகிறது. மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் சீராக ஏறிய பிறகும், எட்ட வேண்டிய 15-இல் முக்கால் பங்குதான்.

இப்போது 160-இல் விலை நின்றுவிடுகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஐந்து நாள் கழித்துப் பாருங்கள். குறுங்கற்றை 6-இலிருந்து 3.6-ஆகச் சுருங்கிவிட்டது. நெடுங்கற்றை எவ்வளவு சுருங்கியிருக்கும்? சுருங்கவே இல்லை, 11.3-இலிருந்து 11.4-ஆகக் கூடியிருக்கிறது. ஏற்றம் முழுதாக நின்றபின் "போக்கின் ஆரோக்கியம்" ஒரு சிட்டிகை கூடியதாகப் படம் காட்டுகிறது. 60 நாள் கோட்டைவிட 30 நாள் கோடு அந்த ஐந்து நாளில் கொஞ்சம் வேகமாக மேலே நகர்ந்தது என்பது மட்டுமே காரணம். பத்தாம் நாளிலும் அகலம் 11.0.

நிற்பதற்குப் பதிலாக, ஏறிய அதே வேகத்தில் தினம் ஒரு ரூபாய் இறங்குகிறது என்றால்? பத்தாம் நாளில் விலை 150. குறுங்கற்றை தலைகீழாகிவிட்டது: 3 நாள் கோடு 151.0-இல், 15 நாள் கோடு 153.3-இல். நெடுங்கற்றையின் மேல் கோடு 149.8-இல், கீழ்க் கோடு 140.1-இல், அகலம் 9.7. கண்ணால் பார்ப்பவருக்கு இது பாடப்புத்தகக் காட்சி: "குறுங்கற்றை கீழே வந்து நெடுங்கற்றையை நெருங்குகிறது, நெடுங்கற்றை விரிந்தபடி தாங்குகிறது, முதலீட்டாளர்கள் விற்கவில்லை, வாங்க நல்ல நேரம்." ஆனால் இங்கே முதலீட்டாளர் என்று யாருமே இல்லை. நாமே எழுதிய நேர்கோட்டு விலைதான் இருக்கிறது. அந்தத் தாங்கல் முழுவதும் சராசரியின் தாமதம். இதே இறக்கம் தொடர்ந்தால், நெடுங்கற்றையின் 30 நாள் கோடு 60 நாள் கோட்டுக்குக் கீழே போவது 34-ஆம் நாளில். அப்போது விலை 126. ஏறிய 60 ரூபாயில் பாதிக்கு மேல் போய்விட்டது.

இதனால் நெடுங்கற்றை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது சொல்வது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி வேகம். அதைச் சரியாகவே சொல்கிறது. விலை நின்றுவிட்டால், 60 நாள் கோட்டின் பின்தங்கல் பாதியாகக் குறைய 21 வர்த்தக நாட்கள் ஆகும், 15 நாள் கோட்டுக்கு ஏறக்குறைய ஐந்து நாள் போதும். ஆகவே ஆரோக்கியத்தை ஒரு கற்றையில் தேடாமல், இரண்டு வேகமானிகளையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். பைதானில் இது நான்கு வரி:

```python
c = df["Close"]
e = {n: c.ewm(span=n, adjust=False).mean() for n in (3, 15, 30, 60)}
short_speed = (e[3] - e[15]) / 6
long_speed = (e[30] - e[60]) / 15
```

குறுவேகம் நெடுவேகத்தைவிட அதிகமென்றால் போக்கு வலுப்பெறுகிறது. இரண்டும் சமமென்றால் சீராக ஓடுகிறது. குறுவேகம் குறைவாக, ஆனால் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் போக்கு களைக்கிறது. நம் பங்கில் 60-ஆம் நாளன்று குறுவேகம் 1.0, நெடுவேகம் 0.75. விலை நின்ற பத்தாம் நாளில் 0.31-ம் 0.73-ம். இறங்கிய பத்தாம் நாளில் மைனஸ் 0.39-ம் 0.64-ம். அகலத்தைக் கண்ணால் பார்த்தபோது ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு நிலைமைகள் இப்போது தெளிவாகப் பிரிகின்றன. பல பங்குகளை ஒப்பிடுகிறவர்கள் இரண்டு வேகங்களையும் விலையால் வகுத்துச் சதவீதமாக்கிக்கொள்ள வேண்டும். 3000 ரூபாய்ப் பங்கின் 15 ரூபாய் அகலமும் 150 ரூபாய்ப் பங்கின் 15 ரூபாய் அகலமும் ஒன்றல்ல.

தரவைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். இஎம்ஏ எங்காவது ஒரு தொடக்க மதிப்பிலிருந்து கிளம்ப வேண்டும். 60 நாள் கோட்டில் அந்தத் தொடக்க மதிப்பின் எடை 60 நாள் கழித்தும் 13 சதவீதத்துக்கு மேல் மிச்சமிருக்கும். 180 நாளில்தான் கால் சதவீதத்துக்கு இறங்கும். புதிதாகப் பட்டியலான பங்கின் நெடுங்கற்றையை முதல் எட்டு, ஒன்பது மாதங்கள் நான் படிப்பதே இல்லை. இரண்டாவது, போனஸ், பங்குப் பிரிப்பு. ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் விலை ஒரே இரவில் பாதியாகும். பழைய விலைகளைத் திருத்தாத தரவில் அது பெரும் சரிவாகப் பதிந்து, இரண்டு கற்றைகளையும் பல வாரங்களுக்குத் தலைகீழாகவே வைத்திருக்கும்.

இவ்வளவும் சத்தமில்லாத, வழவழப்பான விலைக்கு. உண்மை விலை தினமும் குலுங்குகிறது. அந்தக் குலுங்கலே, எந்தப் போக்கும் இல்லாத இடத்தில், கற்றையை விரிக்கவல்லது. விலை நாணயம் சுண்டினாற்போல ஒவ்வொரு நாளும் தற்செயலாக ஏறி இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், நெடுங்கற்றையின் அகலம் பூஜ்யத்தைச் சுற்றி, ஒரு நாள் விலை மாற்றத்தின் திட்ட விலக்கத்தைப் போல சுமார் 1.6 மடங்கு விலக்கத்தோடு அலையும். குறுங்கற்றைக்கு இது சுமார் 1.4 மடங்கு. எனவே தற்செயல் இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்ல, இந்த அளவின் இரண்டு மடங்கையாவது அகலம் தாண்ட வேண்டும்: நெடுங்கற்றைக்கு ஒரு நாள் திட்ட விலக்கத்தில் 3.2 மடங்கு, குறுங்கற்றைக்கு 2.9 மடங்கு.

500 ரூபாய்ப் பங்கு ஒன்றின் தினசரித் திட்ட விலக்கம் 8 ரூபாய் என்றால், நெடுங்கற்றைக்கான வரம்பு ஏறக்குறைய 25 ரூபாய். படத்தில் அகலம் 9 ரூபாய்தான், கோடுகள் அழகாக வரிசையில் நிற்கின்றன என்றாலும், நாணயம் சுண்டினால் சாதாரணமாகக் கிடைக்கும் அகலத்துக்குள்தான் அது இருக்கிறது. பன்னிரண்டு கோடுகளும் ஒரே திசையில் இருப்பதைப் பன்னிரண்டு சாட்சிகளாக எண்ணவும் முடியாது. 30 நாள் கோடும் 60 நாள் கோடும் விலகியிருந்தால் நடுவில் உள்ள நான்கும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே விழும். பக்கவாட்டில் நகரும் சந்தையில் குறுங்கற்றை நெடுங்கற்றையை மாறி மாறி வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் நஷ்டம் தருவது இதனால்தான். அங்கே இரண்டு அகலங்களும் வரம்புக்குள் கிடக்கும்; குறுவேகத்தின் குறி மாறியதா என்று தினமும் பார்ப்பதற்கு முன், நெடுங்கற்றை அந்த 25 ரூபாயைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.