டீச்சருக்கு "magan varamatan" என்று அனுப்பலாமா?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பாசிரியரின் போனுக்கு ஒரு மெசேஜ் போடுவது இப்போது மலையகப் பாடசாலைகளில் வழக்கமாகிவிட்டது. ஹட்டன் பக்கமானாலும் பண்டாரவளைப் பக்கமானாலும் அந்த மெசேஜ் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது:

```
sir magan nalaiku varamatan 2 nala kaichal medical tharen
```

வீட்டாளுக்கு இது போதும், அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பினால் ஒரு குறையும் இல்லை. வரவு இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிற டீச்சருக்கு இதில் நான்கு விஷயம் தெரியாது. யாருடைய மகன், எந்த வகுப்பு என்பது இல்லை. இரவு பதினொரு மணிக்கு அனுப்பியதை மறுநாள் காலையில் பார்ப்பவருக்கு "nalaiku" எந்த நாள் என்று குழப்பம். கடைசியாக "2 nala". இரண்டு நாளாகக் காய்ச்சல் இருக்கிறதா, இல்லை இரண்டு நாளைக்கு வரமாட்டானா? ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது சொல்லின் வாலை வெட்டிவிடும் பழக்கம் நமக்கு. நாளா, நாளாக, நாளைக்கு எல்லாமே "nala" ஆகிவிடுகின்றன. முற்றுப்புள்ளியும் இல்லாததால் அந்த இரண்டு நாள் முன்னால் உள்ள சொல்லோடு சேருமா, பின்னால் உள்ளதோடு சேருமா என்பது படிப்பவர் பாடு.

ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே l. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே n. குறிலும் நெடிலும் அநேகமாக ஒன்றுதான். ஆனாலும் இதைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. "pal vali" என்றால் பல்வலிதான், பால் வாளி என்று எந்த டீச்சரும் படிக்கமாட்டார். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாதவை இரண்டுதான். ஒன்று, பிள்ளையின் பெயர். இடாப்பில் யாழினி என்று இருப்பதை Yalini, Yazhini, Yaalini என்று மூன்று பேர் மூன்று விதமாக அடிப்பார்கள். தவணை முடிவில் பழைய மெசேஜ்களைத் தேடும்போது ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. இரண்டாவது, சாவு வீட்டுச் செய்தி.

```
thatha aspathiriyila irunthutaru
thatha aspathiriyila iranthutaru
```

ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். கைதவறி ஒன்றுக்கு மற்றது விழுந்தால் உயிரோடு இருப்பவருக்கு அனுதாபம் வந்து சேரும். தமிழில் இருந்துட்டாரு, இறந்துட்டாரு என்று எழுதும்போது ரகரமும் றகரமும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆகவே டீச்சர், அதிபர், கல்வி அலுவலகம் போன்ற தமிழ் படிக்கும் இடங்களுக்குத் தமிழ் எழுத்துத்தான் சரி. ஆனால் அதே வாசகத்தை அப்படியே தமிழுக்கு மாற்றினால் மட்டும் போதாது. "சேர் மகன் நாளைக்கு வரமாட்டான்" என்பது தமிழ் எழுத்தில் இன்னும் முரட்டுத்தனமாகத் தெரியும். வரமாட்டான் என்பதில் மறுக்கிற தொனி இருக்கிறது. "வர முடியாது" என்றாலே அந்தத் தொனி போய்விடும். முதலில் வந்த மெசேஜைத் திருத்தினால் இப்படி இருக்கும்:

வணக்கம் சேர். தரம் 8பி வகுப்பில் படிக்கும் எனது மகன் (இடாப்பில் உள்ளபடி முழுப்பெயர்) 12ஆம் திகதி முதல் காய்ச்சலாக இருப்பதால், 14 செவ்வாய், 15 புதன் ஆகிய இரண்டு நாட்களும் பாடசாலைக்கு வர முடியாது. மருத்துவச் சான்றிதழை 16ஆம் திகதி கொண்டுவந்து தருவார். இப்படிக்கு, தாய்.

இதில் நாளை, நேற்று என்ற சொற்களே இல்லை, எல்லாம் திகதி. திகதியோடு கிழமையையும் போட்டால் இலக்கம் தவறாக அடிபட்டாலும் டீச்சர் கண்டுபிடித்துவிடுவார். "மேன்மை தங்கிய", "தங்களின் மேலான கவனத்திற்கு" போன்றவை போனில் தேவையில்லை. அவை கடதாசிக் கடிதத்துக்கு உரியவை. தவணைப் பரீட்சை நாளில் வராவிட்டால் அந்தக் கையெழுத்துக் கடிதமும் மெடிக்கலும் தனியாக வேண்டியிருக்கும், மெசேஜ் அதற்குப் பதிலாகாது.

தமிழில் அடிக்கத் தெரியாதே என்பவர்களுக்கு, Gboard போன்ற கீபோட்டின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் அமைப்பைத் தெரிவு செய்யலாம். "kaichal" என்று அடித்தால் மேலே சில சொற்கள் வரும். அவசரப்பட்டு இடைவெளியைத் தட்டினால் முதலில் இருப்பதே விழும், அது எப்போதும் நமக்கு வேண்டிய சொல்லாக இராது. மைக்கைத் தட்டிப் பேசியும் எழுதலாம். அதில் பெயர்தான் அடிக்கடி பிழைக்கும், அனுப்புமுன் பெயரையும் திகதியையும் மட்டுமாவது ஒருமுறை வாசித்துவிட வேண்டும். கடையில் கம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்ததைப் போனுக்கு அனுப்பினால் "வணக்கம்" என்பது `tzf;fk;` என்று போய்ச் சேரும். எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும்.

தோட்டத்து லயங்களில் டேட்டா சிக்னல் இல்லாமல் சாதாரண எஸ்எம்எஸ் மட்டும் போகும் இடங்கள் இருக்கின்றன. அங்கேதான் தமிழ் எழுத்துக்கு ஒரு நட்டம். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் இருக்கும். தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலும் முழுச் செய்திக்குமான இடம் 70 ஆகக் குறைந்துவிடும். அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். காய்ச்சல் என்பது நமக்கு ஐந்தெழுத்து, போனுக்கு ஒன்பது. மேலே எழுதிய நீண்ட மெசேஜ் பல துண்டுகளாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் தனியே காசு வெட்டும். ஒன்றுக்குள் அடங்க வேண்டுமென்றால் இப்படி எழுதலாம்:

தரம் 8பி, (பெயர்)க்குக் காய்ச்சல். 14, 15 வர முடியாது. -தாய்

பெயர் இல்லாமல் இதற்கு 53 இடம் போகும். பெயருக்கு 17 மிச்சம், நடுத்தரமான பெயர் ஒன்று அடங்கிவிடும். வணக்கம் போடவில்லையே என்று எஸ்எம்எஸ்ஸில் யாரும் குறை நினைப்பதில்லை.

ஆங்கில எழுத்தே பொருத்தமான இடமும் ஒன்று உண்டு. தோட்டங்களில் வேலை பார்க்கும் சிங்கள உத்தியோகத்தர்கள் சிலர் நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அவருக்குத் தமிழில் அனுப்பினால் வேறொருவரிடம் காட்டித்தான் படிக்க வேண்டும். நோய்ச் செய்தியை நாலு பேர் பார்ப்பதை யார் விரும்புவார்கள்? அவருக்கு ஆங்கில எழுத்தில், சொல்லின் வாலை வெட்டாமல், நெடிலுக்கு இரட்டை எழுத்துப் போட்டு, முற்றுப்புள்ளியுடன் அனுப்பலாம்:

```
Vanakkam sir. 14, 15 Oct veelaikku vara mudiyaathu.
Kaaichal. Dispensary thundu irukku.
```

இதோடு பெயரையும் செக்ரோல் இலக்கத்தையும் சேர்க்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கும் தோட்டத்தில், எந்த எழுத்தில் எழுதினாலும் ஆளைச் சரியாகக் காட்டுவது அந்த இலக்கம்தான்.