‘இணைப்புக்குறியிடல்’ வேண்டாம், ‘அசைமடக்கு’ போதும்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை அச்சகங்களில் பக்கம் கட்டுகிறவர்களின் வாயில் இப்போது ஒரு சொல் அடிக்கடி அடிபடுகிறது: ‘இணைப்புக்குறியிடல்’. வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும் ஹைபனேஷன் என்பதற்கு ஏதோ ஒரு மென்பொருளின் தமிழ்ப் பட்டியலில் யாரோ வைத்த பெயர். ‘இந்தப் பத்தியில் இணைப்புக்குறியிடலை நிறுத்திவிட்டேன் அண்ணாச்சி’ என்று ஒரு தம்பி சொன்னபோது, நான் கேட்டது ஒன்றுதான்: ‘குறி எங்கேடே இருந்தது, நிறுத்துவதற்கு?’

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹைபன் என்பது கிரேக்கத்தில் ‘ஒன்றின் கீழ்’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. இரண்டு சொற்களை ஒன்றாகப் படிக்க வேண்டும் என்று காட்ட, அவற்றின் அடியில் வளைவாக ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின் பெயர் பிறகு சிறுகோட்டுக்கு வந்தது. வரி முடிவில் சொல்லைப் பிரிக்கும்போது ‘மீதி அடுத்த வரியில் இருக்கிறது’ என்று காட்ட ஐரோப்பியர்கள் அதே கோட்டைப் போட்டார்கள். பிரிக்கும் செயலுக்கே கோட்டின் பெயர் ஆகுபெயராக நின்றுவிட்டது. அவர்கள் கோடு போடுகிறார்கள், அவர்களுக்குப் பொருந்தும்.

நாம் போடுவதில்லை. எந்தத் தமிழ் நாளிதழையும் எடுத்துப் பாருங்கள். பத்தி ஒடுங்கிய இடங்களில் சொற்கள் வரி முடிவில் பிரிந்துதான் கிடக்கின்றன. பெரும்பாலும் கோடு இராது. நம் வாசகன் கோடு இல்லாமலே சேர்த்துப் படித்துவிடுகிறான். ஆகவே ‘இணைப்புக்குறியிடல்’ என்ற பெயரில் இணைப்பும் இல்லை, குறியும் இல்லை, இடுதலும் இல்லை. நடக்கும் வேலை பிரித்தல், பெயரோ இணைத்தல். இந்தப் பெயரால் வரும் கெடுதல் பெயரோடு நிற்பதில்லை. குறியிடல் என்றதும், அதை நிறுத்தினால் கோடு மட்டும்தான் போகும் என்று நினைத்து நிறுத்துகிறார்கள். கோட்டோடு மடக்கு விதியும் போய்விடுகிறது. பிறகு பத்தி பிதுங்குகிறது என்று, எங்கு வேண்டுமானாலும் வெட்டும் `word-break: break-all` என்ற கட்டளையைப் போடுகிறார்கள். வரிகள் ஒழுங்காக நிற்கும், எழுத்துகள் நொண்டியடிக்கும்.

இதற்குப் போட்டியாக ‘வரிமுறிவு’, ‘சொல்முறிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். எலும்பு முறியும், உறவு முறியும், ஒப்பந்தம் முறியும். முறிந்த பின் அங்கே தொடர்ச்சி இல்லை. வரி அப்படி முறிவதில்லை, விளிம்பில் திரும்பி அடுத்த வரியாக ஓடுகிறது. இதற்கு நம்மிடம் நாள்பட்ட சொல் ஒன்று இருக்கிறது. ‘உரைநடையை மடக்கி மடக்கி எழுதிவிட்டுக் கவிதை என்கிறான்’ என்று கேலி செய்யாத தமிழாசிரியர் உண்டா? அந்த மடக்குதான். மடங்கு என்றால் தானாக, மடக்கு என்றால் நாமாக. இடம் போதாமல் வரி தானே திரும்பினால் வரி மடங்குகிறது. நாமே ஓரிடத்தில் திருப்பினால் வரியை மடக்குகிறோம். இந்த வேறுபாட்டைப் பக்கம் கட்டுகிறவர்கள் நாள்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது. முறிவு அதற்கு உதவாது, ‘முறி’ இரண்டுக்கும் ஒன்றே. மடக்கு என்று ஓர் அணி இருக்கிறதே என்று புலவர்கள் கேட்கலாம். இருக்கட்டும், அங்கேயும் வந்த எழுத்துத்தொடர்தான் திரும்பி வருகிறது.

சொல்லின் நடுவில் மடக்குவதற்கு நான் சொல்லும் பெயர் ‘அசைமடக்கு’. அலங்காரத்துக்காக அசை என்று சொல்லவில்லை. எங்கே மடக்க வேண்டும் என்ற விதி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கோவில் கொடை நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். ஒரே தாளில் மூன்று பத்தி, பொடி எழுத்து, ஊர்ப்பெயரோடு சேர்த்துக் கோவில் வரி கொடுத்தவர்கள் பட்டியல். அதில் ‘ஆழ்வார்குறிச்சியிலிருந்து’ என்று ஒரு சொல் வருகிறது. பதின்மூன்று எழுத்து. வரி முடிவில் சுமார் ஆறு எழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மூடித்தனமாக வெட்டும் முறை இப்படித் தரும்:

```
ஆழ்வார்குறி
ச்சியிலிருந்து
```

இரண்டாவது வரி புள்ளி எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. ‘உயிர்மெய் அல்லன மொழிமுதல் ஆகா’ என்று தொல்காப்பியம் சொன்ன காலத்திலிருந்து இதே நிலைதான். ஆகவே வரித் தலையில் ‘ச்’ நின்றால் வாசகனின் நாக்குக்குப் பிடிமானம் இல்லை. கண் மேல் வரிக்குத் திரும்பி ‘றி’யைத் தேடிப்பிடித்து ‘றிச்’ என்று ஒட்டிய பிறகே மேலே போகிறது. புள்ளி எழுத்து எப்போதும் தனக்கு முந்திய எழுத்தோடு இருக்க வேண்டும் என்பது ஆகவே முதல் விதி. ‘அம்|மா’ என்று மடக்கலாம், ‘அ|ம்மா’ என்று மடக்கக் கூடாது. ‘வாழ்க்கை’ போல் இரண்டு மெய் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் முந்திய எழுத்தோடு போகும்: ‘வாழ்க்|கை’.

பெரும்பாலான விதித் தொகுப்புகளுக்கு இந்த அளவு தெரியும். கணினி சொல்லைப் பிரிப்பதற்காக 1983-இல் ஃபிராங்க் லியாங் வகுத்த முறையில் இதை எழுதுவது எளிது. ஒற்றைப்படை எண் ‘மடக்கலாம்’, இரட்டைப்படை எண் ‘கூடாது’, பெரிய எண் சிறியதை வெல்லும்:

```
1ச
2ச்
```

சகரத்துக்கு முன் மடக்கலாம், ஆனால் அது ‘ச்’ என்றால் கூடாது. பதினெட்டு மெய்க்கும் வடவெழுத்துகளுக்கும் இப்படி எழுதிவிட்டால் அனேகமாக வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்த விதி நம் சொல்லை இப்படித் தரும்:

```
ஆழ்வார்கு
றிச்சியிலிருந்து
```

மெய்யில் தொடங்கவில்லை, சரி. ஆனால் மேல் வரியைப் பார்க்கிறவன் ‘ஆழ்வாருக்கு’ என்பதை யாரோ பிழையாக அடித்துவிட்டதாக நினைப்பான். கீழ் வரி ‘றி’யில் தொடங்குகிறது, அந்த எழுத்தும் சொல்லுக்கு முதலில் வராதது. கெடுத்தது அந்த ஒற்றைக் குறில். ‘கு’ தனியாக நிற்க வலுவில்லாத எழுத்து, அடுத்து வரும் ‘றி’யின் மேல் சாய்ந்தால்தான் நிற்கும்.

இங்கேதான் யாப்பு கைகொடுக்கிறது. சிலபிள் என்பதற்கு ‘அசை’ என்று மொழிபெயர்த்து, இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றல்ல. குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால், யாப்பு இரண்டையும் சேர்த்து நிரையசை என்று ஒன்றாகவே எண்ணுகிறது. பின்னால் ஒற்று வந்தால் அதுவும் அதனுள் அடக்கம். ஒலிப்படி ‘கு|றிச்’ இரண்டு, யாப்பின்படி ‘குறிச்’ ஒன்று. அந்தக் கணக்கில் நம் சொல்:

```
ஆழ்|வார்|குறிச்|சியி|லிருந்|து
```

ஆறு எழுத்து இடத்தில் இப்போது ‘ஆழ்வார்’ மேல் வரியில் நிற்கும், ‘குறிச்சியிலிருந்து’ கீழே போகும். மேல் வரியில் இரண்டு எழுத்து இடம் வீணாகும், போகட்டும். ‘திருநெல்வேலி’யும் அப்படித்தான்: ‘திரு|நெல்|வே|லி’. ‘தி’ தனியாக ஒருபோதும் தொங்காது, ‘ல்வேலி’ என்று வரி தொடங்காது. கடைசி ‘லி’யும் மேலே வந்த ‘து’வும் தனி அசையாக நிற்கின்றன. அவற்றை மட்டும் கீழே தள்ளாமல் இருக்க, சொல்லின் இறுதியில் குறைந்தது இரண்டு எழுத்தாவது சேர்ந்து போக வேண்டும் என்று ஒரு வரம்பு வேண்டும். அந்த எண்ணை மென்பொருள் எழுத்தாக எண்ணுகிறதா, குறியீடாக எண்ணுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘திருநெல்வேலி’ நமக்கு ஆறு எழுத்து, யுனிகோடில் பன்னிரண்டு குறியீடு. ‘லி’ ஒன்றே இரண்டு குறியீடு என்பதால், இரண்டு என்ற வரம்பைக் குறியீட்டளவில் வைத்தால் அது எதையும் தடுக்காது.

லியாங் முறைக்குள் யாப்பசையை முழுதாகக் கொண்டுவர முடியாது. குறில்கள் வரிசையாக வந்தால் தொடக்கத்திலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும், அந்த முறையோ அக்கம்பக்கத்து எழுத்துகளை மட்டும் பார்க்கிறது. எனவே அசையைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றை வைத்து, மடக்கலாம் என்ற இடங்களில் கண்ணுக்குத் தெரியாத U+00AD என்ற குறியீட்டைச் செருகிவிட்டு, உலாவியிடம் இதைச் சொன்னால் போதும்:

```
p {
  hyphens: manual;
  hyphenate-character: "";
}
```

இரண்டாவது கட்டளைதான் கோட்டை நீக்குவது. முதலாவது மடக்குவது. இரண்டும் வேறு வேலை என்று கணினிக்கே தெரிந்திருக்கிறது; மொழிபெயர்த்தவருக்குத்தான் தெரியவில்லை. செருகிய குறியீடு நகலெடுக்கும்போது கூடவே வந்து தேடலைக் குழப்பலாம். ஆகவே மூலப் படியில் செருகாமல், பக்கம் கட்டும் படியில் மட்டும் செருக வேண்டும்.

அசை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தச்சுப்பட்டறை விளம்பரத்தில் ‘பலகைகள்’ என்று வருகிறது. அசைப்படி ‘பல|கை|கள்’. வரி ‘பல’வில் மடங்கினால், கோடும் இல்லாததால், வாசகன் பல கைகள் என்றே படிப்பான். இப்படிப் பிரிந்ததும் வேறு சொல்லாகிவிடும் சொற்களுக்கு விலக்குப் பட்டியல் ஒன்று வைத்து, மடக்கே கூடாது என்று எழுதிவிட வேண்டும். அல்லது அங்கே மட்டும் சிறுகோடு போடலாம். கோட்டுக்குத் தமிழில் உண்மையான வேலை இருக்கும் இடம் அது ஒன்றுதான், அங்கே அதை ‘இணைப்புக்குறி’ என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

பழைய எழுத்துருவில் கட்டிய பக்கம் கைக்கு வந்தால் வேறு ஒன்றும் பார்க்க வேண்டும். டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் கொம்பை முதலில் வைத்து, எழுத்தைப் பின்னால் வைத்தார்கள். மென்பொருளுக்கு இரண்டும் தனித்தனி உருவங்கள். ஆகவே ‘கொடை’யின் கொம்பு மேல் வரியின் ஓரத்தில் அனாதையாக நிற்க, ககரமும் காலும் கீழே இறங்கும். கால் மட்டும் தனியாக வரித் தலைக்கு வந்தால் அதை ‘ர’ என்று படித்துவிடுவார்கள். யுனிகோடில் ஒழுங்கான நிரல் இப்படிச் செய்யாது. செய்தால், அந்தப் பக்கம் பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாற்றப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மெய்ப்புப் பார்க்கிறவர் இதற்காக முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. பத்தியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினால் புள்ளியும் காலும் அகப்படும். வலது ஓரத்தில் ஓட்டினால் தனிக் குறிலும் கொம்பும் அகப்படும். நோட்டீஸில் பிழை இருக்கிறது என்று கொடைக் கமிட்டிக்காரர் வந்து நிற்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது.