மூன்றாவது மெயிலுக்கு முன்னால் போனை எடுங்கள்

இந்த மாதமும் ஒரு மெயில் கட்டு பஞ்சாயத்துக்கு வந்தது. ஒரு கார்மென்ட் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே நேவி ப்ளூ துணி ஒரு லாட்டை வைத்துப் பதினேழு மெயில். முதல் மெயில் "ஷேடு ஓகே இல்லை". பதில், "எங்கள் செக்கிங்கில் பாஸ்". மூன்றாவதில் மேனேஜர் சிசியில் ஏறினார், ஐந்தாவதில் முதலாளி. ஒன்பதாவதில், நஷ்டத்தைப் பில்லில் கழித்துக்கொள்வோம் என்று டெபிட் நோட் மிரட்டல். பதினேழிலும் ஒருவர்கூட "எந்த லைட்டில் பார்த்தீர்கள்?" என்று கேட்கவில்லை.

சாயப்பட்டறை பார்த்தது டி65இல், அதாவது பகல் வெளிச்சத்துக்கான விளக்கில். யூனிட் பார்த்தது பையரின் கடை வெளிச்சமான டிஎல்84இல். முன்கூட்டியே சாயம் போட்டு ஒப்புதல் வாங்கிய மாதிரித் துணியான லேப் டிப்புக்கும் லாட்டுக்கும் சாயக் கலவை மாறியிருந்தால், முதல் விளக்கில் ஒத்துப்போகிற நேவி இரண்டாவதில் சிவப்படிக்கலாம். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். துணியையும் லேப் டிப்பையும் லைட் பாக்ஸில் வைத்துக்கொண்டு பேசியிருந்தால் பத்து நிமிஷ வேலை. லேப் டிப் அப்ரூவலில் முதன்மை லைட் எது என்று பார்த்தால், மறுசாயம் யார் செலவு என்பதும் அங்கேயே தெரிந்திருக்கும்.

"போனில் பேசினால் ஆதாரம் இருக்காதே சார்" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேசி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் போடுகிற மெயில்தான் ஆதாரம். இன்று 11.30க்கு இன்னார் இன்னார் பேசினோம், இதற்கு ஒத்துக்கொண்டோம், இது இன்னும் முடிவாகவில்லை, புதன்கிழமைக்குள் இவர் இதைச் செய்வார், தவறிருந்தால் நாளை மாலைக்குள் திருத்துங்கள். ஐந்து வரி போதும். கோபத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு அடித்த மெயிலும் ஆதாரம்தான், ஆனால் உங்களுக்கு எதிராக. "சரி, இந்த முறை நாங்கள் விட்டுவிட்டோம்" என்று எரிச்சலில் எழுதிய ஒரு வரியை எதிர்த்தரப்பு எப்படித் தூக்கிப் பிடிக்கும் என்பது டெபிட் நோட் தகராறில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

எப்போது நிறுத்துவது? ஒரே விஷயத்தை இரண்டாம் முறை எழுதுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். "ஏற்கெனவே தெரிவித்தபடி" என்று விரல் போனால் நிறுத்துங்கள். பதில் எழுதுமுன் யாரை சிசியில் சேர்க்கலாம் என்று யோசனை ஓடினால், கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சட்டென்று போனும் அடிக்காதீர்கள், எதிராளி தற்காப்புக்குப் போய்விடுவார். "ஷேடு விஷயமாக மூன்று மணிக்குப் பேசலாமா, லாட்டில் வெட்டிய துண்டும் லேப் டிப்பும் கையில் இருக்கட்டும்" என்று ஒரு வரி அனுப்புங்கள். முடிவெடுக்கிற இருவர் மட்டும் பேசினால் போதும். ஸ்பீக்கரில் பத்துப் பேரை உட்காரவைத்தால் அது மெயில் சண்டையின் சத்தமான பதிப்பு. யாருடைய தப்பு என்பதை விட்டுவிட்டு, எந்த லைட், எந்த ரோல், எந்தத் தேதி என்று ஆரம்பியுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டால் மட்டும் போன் வேண்டாம். போனில் ஒத்துக்கொண்டதை எதிராளி ஒருமுறை மறுத்திருந்தாலும் அப்படியே, அவரிடம் எழுத்தில் மட்டும் பேசுங்கள்.